ஆறு கார்பன்களின் பயணம்

காலையில் இட்லி உண்ட மாணவி ஒருத்தி பள்ளிக்கு நடந்து செல்கிறாள். இட்லியின் மாவுச்சத்து சிறுகுடலில் சிதைந்து, குளுக்கோஸ் மூலக்கூறுகளாகக் குருதியில் கலந்துவிட்டது. அவற்றுள் ஒன்று, கல்லீரலையும் இதயத்தையும் கடந்து, அவளுடைய தொடைத்தசையின் நுண்குழாயை வந்தடைகிறது. அதன் வாய்பாடு C₆H₁₂O₆. அதிலுள்ள ஆறு கார்பன் அணுக்களுக்கும் ஒன்று முதல் ஆறு வரை எண் இடுவது வேதியியல் மரபு. அந்த ஆறும் ஒன்றாகவே செல்லுக்குள் நுழைகின்றன, ஒன்றாக வெளியேறுவதில்லை. அவை எப்போது, எங்கே பிரிகின்றன என்பதே இக்கதை.

வாயிலில்

செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. நீரில் எளிதாகக் கரையும் குளுக்கோஸ் அதனூடே தானாக நுழைய இயலாது. சவ்வில் பதிந்துள்ள கடத்திப் புரதங்களே அதனை உள்ளே விடுகின்றன. தசைச்செல்லில் இக்கடத்திகளுள் பெரும்பாலானவை வழக்கமாக உட்புறத்தில் சிறு பைகளில் ஒடுங்கியிருக்கும். உணவுக்குப்பின் கணையம் சுரக்கும் இன்சுலின் செல்லின் வெளிப்புறத்தைத் தொட்டதும், அப்பைகள் சவ்வோடு இணைந்து கடத்திகளை மேற்பரப்புக்குக் கொண்டுவருகின்றன. தசை சுருங்கி விரிவதும் இதே விளைவைத் தரும். நடந்துகொண்டிருக்கும் மாணவியின் தசையில் இவ்விரண்டும் சேர்ந்து செயல்படுகின்றன.

குளுக்கோஸ் உள்ளே செல்வதற்கு ஆற்றல் செலவாவதில்லை. வெளியே அதன் செறிவு மிகுதி, உள்ளே குறைவு. மேட்டிலிருந்து பள்ளத்திற்கு நீர் பாய்வதுபோல் அது உட்புகுகிறது. ஆனால், இதே கடத்தியின் வழியே அது வெளியேறவும் கூடும். அதனைத் தடுக்க, ஹெக்ஸோகைனேஸ் என்னும் நொதி உடனே ஓர் ஏ.டி.பி. மூலக்கூறைச் செலவிட்டு, ஆறாவது கார்பனில் ஒரு பாஸ்பேட்டை இணைக்கிறது. பாஸ்பேட்டைச் சுமந்த குளுக்கோஸைக் கடத்தி ஏற்பதில்லை. எனவே, அது செல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. உள்ளே இயல்பான குளுக்கோஸின் செறிவும் தாழ்ந்தே இருப்பதால், அடுத்த மூலக்கூறு வருவதற்கும் வழி பிறக்கிறது.

இரண்டாகப் பிளத்தல்

தசை ஓய்வில் இருந்திருந்தால் இம்மூலக்கூறு கிளைக்கோஜனாகச் சேமிக்கப்பட்டிருக்கக்கூடும். இப்போது தசை உழைக்கிறது. ஆகவே, இது சிதைவுப் பாதையில் செலுத்தப்படுகிறது. செல்லின் சைட்டோபிளாசத்தில் பத்துப் படிகளாக நிகழும் இச்சிதைவைக் கிளைக்காலிசிஸ் என்பர். இரண்டாவது பாஸ்பேட்டும் ஏறியபின், மூலக்கூறு சரிநடுவில், மூன்றாம் கார்பனுக்கும் நான்காம் கார்பனுக்கும் இடையே பிளவுபடுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை ஒரு துண்டு. நான்கு, ஐந்து, ஆறு ஆகியவை மற்றொரு துண்டு. இரண்டும் இறுதியில் பைருவிக் அமிலமாகின்றன. இதுவரை செலவான ஏ.டி.பி. இரண்டு, கிடைத்தவை நான்கு, ஆதாயம் இரண்டே. ஒரு கார்பன் அணுகூட இன்னும் வெளியேறவில்லை.

மாணவி மூச்சிரைக்க விரைந்தோடினால் கதை இங்கே திசைமாறும். தேவைக்கு ஈடாக மைட்டோகாண்ட்ரியாவால் செயலாற்ற இயலாதபோது, பைருவிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறிக் குருதிக்குச் செல்லும். கல்லீரல் அதனை மீண்டும் குளுக்கோஸாக ஆக்கும். அவள் நிதானமாகவே நடப்பதால், இரு பைருவிக் அமிலங்களும் மைட்டோகாண்ட்ரியாவிற்குள் நுழைகின்றன.

முதல் பிரிவு

மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளே பல புரதங்கள் இணைந்த பெரிய நொதித்தொகுதி ஒன்று காத்திருக்கிறது. அது ஒவ்வொரு பைருவிக் அமிலத்திலிருந்தும் ஒரு கார்பனை நீக்கிக் கார்பன் டைஆக்ஸைடாக வெளியிடுகிறது. நீங்குபவை மூன்றாம், நான்காம் கார்பன்கள். குளுக்கோஸின் நடுவே அடுத்தடுத்து நின்றவை. முதலில் பிரிந்தவையே முதலில் விடைபெறுகின்றன. எஞ்சிய ஈரிரண்டு கார்பன்கள் துணைநொதி ஏ-உடன் இணைந்து அசிட்டைல் துணைநொதி ஏ ஆகின்றன.

இத்தொகுதி இயங்க உயிர்ச்சத்து பி1 ஆகிய தயமின் தேவை. தயமின் குறைந்தால் பைருவிக் அமிலம் இவ்வாயிலில் தேங்கும். குருதியில் அதன் அளவும் லாக்டிக் அமிலத்தின் அளவும் உயரும். ஆற்றலுக்குக் குளுக்கோஸையே பெரிதும் நம்பியிருக்கும் நரம்புகளும், ஓயாது உழைக்கும் இதயமும் தளரும். அந்நோயே பெரிபெரி. தவிட்டை முற்றும் நீக்கித் தீட்டிய அரிசியை மட்டுமே முதன்மை உணவாகக் கொண்டோரிடம் அது காணப்பட்டது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குச் செல்வதால், புழுங்கல் அரிசியில் அது கூடுதலாக எஞ்சுகிறது.

சுழற்சியில்

அடுத்து நிகழ்வது கிரெப்ஸ் சுழற்சி. ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-இல் புறாவின் நெஞ்சுத்தசையைக் கொண்டு ஆய்ந்து இதனை விளக்கினார். 1953-இல் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டார். இரு கார்பன் கொண்ட அசிட்டைல் பகுதி, நான்கு கார்பன் கொண்ட ஆக்ஸலோஅசிட்டிக் அமிலத்துடன் கூடி, ஆறு கார்பன் கொண்ட சிட்ரிக் அமிலமாகிறது. ஒரு சுற்றில் இரண்டு கார்பன் டைஆக்ஸைடு மூலக்கூறுகள் வெளியேறி, நான்கு கார்பன் அமிலம் மீண்டும் உருவாகிறது.

இரண்டு நுழைந்தன, இரண்டு வெளியேறின. எனவே, நுழைந்தவையே வெளியேறின என்று எண்ணத் தோன்றும். அது பிழை. முதற்சுற்றில் வெளியேறுபவை ஏற்கெனவே சுழற்சியில் இருந்த நான்கு கார்பன் அமிலத்தின் கார்பன்கள். புதிதாக வந்தவை அவற்றின் இடத்தில் அமர்கின்றன. இரண்டாம், ஐந்தாம் கார்பன்கள் இரண்டாவது சுற்றில்தான் வெளியேறுகின்றன. ஒன்றாம், ஆறாம் கார்பன்களோ இரண்டு சுற்றுகளையும் முழுமையாகக் கடக்கின்றன. மூன்றாவது சுற்றிலிருந்து, ஒவ்வொரு சுற்றிலும் அவை வெளியேறுவதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. மூன்றாம் சுற்றிலேயே ஒன்று போகலாம். மற்றொன்று மேலும் சில சுற்றுகள் தங்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத அணுவின் வழியை எவ்வாறு அறிந்தனர்? குளுக்கோஸின் குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் கதிரியக்கக் கார்பனை வைத்துத் திசுக்களுக்கு அளித்து, வெளிவரும் கார்பன் டைஆக்ஸைடைக் காரக்கரைசலில் பிடித்து அளந்தனர். அடையாளமிட்ட இடத்திற்கேற்பக் கதிரியக்கம் விரைந்தோ தாமதித்தோ வெளிப்பட்டது.

மூச்சுக்காற்றின் பங்கு

நாம் உள்ளிழுக்கும் ஆக்ஸிஜன் கார்பனோடு நேரே கூடிக் கார்பன் டைஆக்ஸைடு ஆகிறது என்பது பரவலான கருத்து. செல்லில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஆறு கார்பன் டைஆக்ஸைடு மூலக்கூறுகளில் பன்னிரண்டு ஆக்ஸிஜன் அணுக்கள் உள்ளன. குளுக்கோஸிடம் இருப்பவை ஆறே. எஞ்சியவை செல்லின் நீரிலிருந்தும் பாஸ்பேட்டிலிருந்தும் வருகின்றன. மூச்சில் வந்த ஆக்ஸிஜன் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில், குளுக்கோஸிலிருந்து கழன்ற எலக்ட்ரான்களை இறுதியாக ஏற்று நீராகிறது. ஏ.டி.பி.யின் பெரும்பகுதி விளைவது அந்த எலக்ட்ரான்களின் ஓட்டத்தால்தான். ஒரு குளுக்கோஸுக்கு மொத்தம் ஏறத்தாழ 30 முதல் 32 ஏ.டி.பி. கிடைக்கின்றன. ஆக்ஸிஜன் இல்லையெனில் எலக்ட்ரான்கள் தேங்கும், ஹைட்ரஜனை ஏந்தும் மூலக்கூறுகள் காலியாகா, சுழற்சியும் நின்றுவிடும்.

விடைபெறுதல்

வெளியேறிய கார்பன் டைஆக்ஸைடு சவ்வுகளைத் தடையின்றிக் கடந்து குருதியை அடைகிறது. அங்கே அதன் பெரும்பகுதி பைகார்பனேட்டாக மாறிப் பயணம் செய்து, நுரையீரலில் மீண்டும் வளியாகி வெளிவருகிறது. மாணவி பள்ளியின் வாயிலை நெருங்கும்போது மூன்றாம், நான்காம் கார்பன்கள் அவளது மூச்சில் கலந்து போயிருக்கலாம். ஒன்றாம் கார்பன் இன்னும் தசையினுள் சுழன்றுகொண்டிருக்கலாம். நெல்லின் இலையில் ஒரே மூலக்கூறாய் இணைந்த ஆறும், வெவ்வேறு மூச்சுகளில் காற்றுக்குத் திரும்புகின்றன.