ரேட் கேட்டவருக்கு என்ன எழுதி அனுப்புவது?

மதுரையிலிருந்து ஒரு முன்னாள் மாணவர் குழு, திருப்பூரில் உள்ள சிறிய பனியன் யூனிட் ஒன்றுக்கு வாட்ஸ்அப்பில் இப்படிக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "சார், காலர் டீ-சர்ட் 80 பீஸ் வேணும். நெஞ்சுல லோகோ வரணும். ரேட் என்ன?"

"260 ஆகும் சார்" என்று பதில் போய்விடும். பெரும்பாலான தகராறுகளுக்கு விதை இந்த ஒற்றை வரிதான். கேட்டவர் 80-ஐ 260-ஆல் பெருக்கி, 20,800 ரூபாய் என்று குழுவில் அறிவித்து வசூலையும் தொடங்கிவிடுவார். எம்பிராய்டரி, ஜிஎஸ்டி, லாரி வாடகை எல்லாம் பில்லில் ஏறும்போது, ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

கொட்டேஷன் என்றதும் லெட்டர்பேடும் சீலும் வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். 80 பீஸ் கேட்பவருக்கு வாட்ஸ்அப்பிலேயே இவ்வளவு எழுதினால் போதும்:

"கொட்டேஷன் எண் 47. காட்டன் காலர் டீ-சர்ட், 220 ஜிஎஸ்எம், நேவி ப்ளூ, 36 முதல் 44 சைஸ் வரை: 80 x 260 = 20,800. லோகோ எம்பிராய்டரி: 80 x 30 = 2,400. லோகோவுக்குப் பஞ்சிங் செலவு, ஒருமுறை மட்டும்: 500. மதுரைக்கு டோர் டெலிவரி: 800. மொத்தம் 24,500. ஜிஎஸ்டி 5%: 1,225. நீங்கள் கட்ட வேண்டியது 25,725 ரூபாய். 46-க்கு மேல் சைஸ் இருந்தால் பீஸுக்கு 20 ரூபாய் கூடும். இந்த ரேட் 31-ஆம் தேதி மாலை 6 மணி வரை."

கடைசி எண்தான் அவர் குழுவில் போய்ச் சொல்லப்போகும் எண். அதனால் அதை அவரே கூட்டிப் பார்க்கும்படி விடக்கூடாது.

டெலிவரி தொகைக்கும் சேர்த்து வரி போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சரக்கை அனுப்பும் பொறுப்பை விற்பவரே ஏற்று, அந்தச் செலவைத் தன் பில்லில் வாங்கினால், சரக்குக்கு உள்ள வரி விகிதம்தான் பொதுவாக அதற்கும். 'டு-பே' போட்டு அனுப்பினால் வாடகையை வாங்குபவரே பார்சல் ஆபீஸில் கட்டி எடுத்துக்கொள்வார். நம் பில்லில் அது வராது. ஆனால் டு-பே என்று மட்டும் எழுதினால் போதாது. குடோனுக்கு வந்து எடுக்க வேண்டும், வாடகை சுமாராக இவ்வளவு, நாள் கடந்து எடுத்தால் டெமரேஜ் கேட்கலாம் என்பதையும் எழுதிவிட வேண்டும். முதல்முறை வாங்குபவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. வீட்டு வாசலில் இறக்குவார்கள் என்று காத்திருப்பார்.

கெடு ஏன் 31-ஆம் தேதி? மில்கள் வழக்கமாக மாதத் தொடக்கத்தில்தான் நூல் விலையை மாற்றுகின்றன. 28-ஆம் தேதி ரேட் கொடுத்து "15 நாள் செல்லும்" என்று எழுதினால், ஏறிய விலைக்கு நூல் வாங்கிப் பழைய விலைக்கு டீ-சர்ட் தைக்க நேரிடலாம். "7 நாள்" என்று போடுவதும் எனக்குப் பிடிப்பதில்லை. எந்த நாளிலிருந்து 7 என்ற வாக்குவாதம் வரும். தேதியும் நேரமும் போட்டால் அந்தப் பேச்சே எழாது. கெடு எதுவும் போடாவிட்டால்? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, நியாயமான காலம் வரைதான் அந்த விலை நிற்கும் என்கிறது. அந்த நியாயமான காலம் 4 நாளா, 40 நாளா என்பது இருவரும் சண்டைபோட்டுத் தீர்க்க வேண்டிய விஷயம்.

அடுத்தது உறுதி செய்வது. ஒரு கட்டைவிரல் படத்தையும் 'ஓகே சார்' என்பதையும் ஆர்டராக எடுத்துக்கொண்டு துணி வெட்டக் கூடாது. பார்த்துவிட்டேன் என்பதற்கும் அதே கட்டைவிரல்தான். ஆகவே கொட்டேஷனின் அடியிலேயே கேட்டுவிடலாம்: "ஆர்டர் உறுதி என்றால், '47 உறுதி' என்று எழுதி, சைஸ் வாரியாக எண்ணிக்கையும் 13,000 ரூபாய் முன்பணமும் அனுப்புங்கள். லோகோ மாதிரிப் படம் அனுப்புவோம். சரி என்று நீங்கள் சொல்ல வேண்டும். முன்பணம், சைஸ் பட்டியல், லோகோ சம்மதம் மூன்றில் எது கடைசியாக வருகிறதோ, அதிலிருந்து 12 நாளில் சரக்கு கிளம்பும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால், முன்பணம் போட்ட நாளிலிருந்தே வாடிக்கையாளர் நாள் எண்ணத் தொடங்குவார். சைஸ் பட்டியலோ அவர் கையிலேயே ஒரு வாரம் கிடந்திருக்கும்.

"உறுதி சார், ஆனா 10 நாள்ல வந்துடணும்" என்று பதில் வந்தால்? அது உறுதி ஆகாது. ஏற்பு என்பது நிபந்தனை இல்லாமல் முழுமையாக இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 7-ஆவது பிரிவு. 10 நாளில் முடியுமா, முடியாதா என்று பதில் எழுதிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பேசாமல் முன்பணத்தை வாங்கி வைத்துக்கொண்டால், அந்த 10 நாளுக்கு நாம் தலையாட்டியதாகவே அவர் சொல்வார்.

கெடு முடிந்து 3-ஆம் தேதி வந்து அதே ரேட்டைக் கேட்பவர்களும் உண்டு. நூல் விலை ஏறவில்லை என்றால் கொடுக்கலாம். அப்போதும் பழைய செய்தியையே மறுபடி அனுப்பாமல், கொட்டேஷன் எண் 52 என்று புது எண்ணும் புதுத் தேதியும் போட்டு, 47 இனிச் செல்லாது என்று ஒரு வரி சேர்த்து அனுப்புவது நல்லது.