பொட்டாஷ் சாக்கில் போன மண்

பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர் கொண்டுவந்து நீட்டிய மண் பரிசோதனை அறிக்கையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒரு எண்ணைத் தவிர. சாம்பல்சத்து ஹெக்டேருக்கு 790 கிலோ. டெல்டாவில் மூன்று ஏக்கர் சம்பா வயல் அது. சுற்றியுள்ள வயல்களின் அறிக்கைகள் மேசையிலேயே கிடந்தன. எல்லாம் 230, 250 என்றுதான் சொல்லின. வயலுக்குச் சொந்தக்காரரோ ஆயுளில் பொட்டாஷ் வாங்கியவர் இல்லை.

"மண்ணை எதுல எடுத்துட்டு வந்தீங்க தம்பி?" என்றேன். "மோட்டார் கொட்டகையில ஒரு காலிச் சாக்கு கிடந்தது சார்." பக்கத்து வயல்காரர் போட்டுவிட்டுப் போன பொட்டாஷ் சாக்கு. உதறித்தான் எடுத்தாராம்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். பதினைந்து இடத்தில் எடுத்த மண் சுமார் 10 கிலோ இருந்திருக்கும். அதில் 5 கிராம் பொட்டாஷ் தூள், அதாவது ஒரு தேக்கரண்டி, கலந்தால் போதும். அறிக்கையில் சாம்பல்சத்து ஹெக்டேருக்கு 550 கிலோ கூடிவிடும். சாக்கின் மூலையில் ஒட்டியிருப்பது அதைவிடக் குறைவாக இருக்காது.

அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எண்களிலிருந்து பின்னோக்கி வயலுக்குப் போய்ப் பாருங்கள். மண் எடுத்த கையின் தடம் அறிக்கையில் விழுந்திருக்கும். சாம்பல்சத்து மட்டும் எகிறினால் சாக்கைச் சந்தேகப்படுங்கள். துத்தநாகம் எகிறினால் மண்ணைக் கலந்தது துத்தநாகப் பூச்சுள்ள தகர வாளியிலா என்று கேளுங்கள். இரும்புச்சத்து எகிறினால் மண்வெட்டியில் துரு இருந்திருக்கலாம். மணிச்சத்தும் கரிமமும் சேர்ந்து எகிறினால் குப்பைமேடு இருந்த இடத்திலோ, ஆட்டுக்கிடை போட்ட இடத்திலோ ஒரு குழி விழுந்திருக்கும்.

ஒரு குழி என்ன செய்துவிடும் என்று தோன்றும். பத்துக் குழிகளில் ஒன்பதில் மணிச்சத்து 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிடை போட்ட இடத்தில் எடுத்த பத்தாவது குழியில் 120. சராசரி 22.8. தமிழ்நாட்டில் 11-க்குக் கீழே குறைவு, 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று வைத்திருக்கிறோம். நடுத்தரமாக வந்திருக்க வேண்டிய வயல் அந்த ஒரே குழியால் 'அதிகம்' ஆகிவிடுகிறது. உரத்தில் கால் பங்கு குறைகிறது. அதனால்தான் வரப்பை ஒட்டியும், வாய்க்கால் ஓரத்திலும், மர நிழலிலும், எருக்குவியல் இருந்த இடத்திலும் தோண்டாதே என்கிறோம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண்ணின் எடை ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. அதற்குப் பதிலாளாக ஆய்வகத்துக்குப் போவது அரைக் கிலோ. அதிலும் அவர்கள் ஒவ்வொரு சோதனைக்கும் எடுப்பது சில கிராம்தான். கரிமத்துக்கு ஒரு கிராம் போதும். ஆய்வகத்தின் தராசு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அந்த ஒரு கிராம் வயலைச் சொல்லுமா சொல்லாதா என்பது குழி வெட்டும்போதே முடிவாகிவிடுகிறது.

மறுபடி மண் எடுக்க இரண்டு பேருமாகப் போனோம். அறுவடை முடிந்து, மண் கையில் ஒட்டாமல் பொலபொலவென்று இருந்த நேரம். மூன்று ஏக்கரும் ஒரே மட்டம், ஒரே நிறம், ஒரே பயிர். ஆகவே ஒரே மாதிரி போதும். களத்தை ஒட்டிய ஒரு மூலையை மட்டும் விட்டுவிட்டோம், வருஷக்கணக்காக வைக்கோலும் சாணமும் மக்கிய இடம். மேடும் பள்ளமுமாகவோ, ஒரு பக்கம் உவர் பூத்தோ இருந்திருந்தால் தனித்தனியாக எடுத்திருப்போம்.

குழி வெட்டுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மேல் தாள்களையும் புல்லையும் கையால் ஒதுக்க வேண்டும். மண்வெட்டியால் செதுக்கக் கூடாது, மேல் மண் போய்விடும். பிறகு 'வி' வடிவத்தில் அரையடி, அதாவது 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, அந்த மண்ணை வெளியே போட்டுவிட வேண்டும். நமக்கு வேண்டியது அது இல்லை. குழியின் சரிந்த பக்கத்தில், மேலிருந்து அடிவரை ஒரே கனமாக, ஒரு அங்குலத் தடிமனில் ஒரு சீவல். இளைஞர் முதல் குழியில் சீவியது மேலே தடித்தும் கீழே மெலிந்தும், ஆப்பு மாதிரி வந்தது. போட்ட உரமும் மக்கிய தாளும் மேல் இரண்டு அங்குலத்தில்தான் அதிகம் தங்கும். ஆப்பு வடிவில் சீவினால் வயல் இருப்பதைவிட வளமாகத் தெரியும். இரண்டாவது குழியில் கை பிடிபட்டது. பருத்தி, கரும்பு என்றால் முக்கால் அடி ஆழம் போக வேண்டும். தென்னை, மா போன்ற தோப்புகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று அடியில் தனித்தனியாக.

குறுக்கும் நெடுக்குமாக நடந்து பதினைந்து குழி. சுத்தமான பிளாஸ்டிக் வாளி. கொட்டகை நிழலில் பாலித்தீன் தாளை விரித்து மண்ணைக் கொட்டி, கட்டி உடைத்து, வேரையும் கல்லையும் பொறுக்கிவிட்டு, தோசைக்கல் வட்டத்தில் பரப்பினோம். நான்காகக் கோடு கிழித்து, எதிரெதிரான இரண்டு பங்கைத் தள்ளிவிட வேண்டும். மிச்சத்தைத் திரும்பக் கலந்து, திரும்ப நான்கு. அரைக் கிலோ வரும்வரை இப்படி. நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, பெயரும் புல எண்ணும் அடுத்த பயிரும் எழுதிய சீட்டை வைத்தோம்.

இரண்டாவது அறிக்கை வந்தது. பிஎச் 8.1, மின்கடத்துதிறன் 0.4, அங்கக கரிமம் 0.42 சதவீதம். தழைச்சத்து 212, மணிச்சத்து 31, சாம்பல்சத்து 245, மூன்றும் ஹெக்டேருக்குக் கிலோவில். துத்தநாகம் 0.7 பிபிஎம்.

இளைஞர் உடனே கழித்தல் கணக்கில் இறங்கினார். நடுத்தர வயது நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150:50:50. "தழைச்சத்து 150 தானே வேணும், மண்ணுலயே 212 இருக்கே சார்?" ஒவ்வொரு அணியிலும் ஒருவராவது இதைக் கேட்பார். 212 என்பது வயலின் வங்கிக் கணக்கில் இருக்கும் பணம் இல்லை. ஒரு குறிப்பிட்ட ரசாயனக் கரைசல் அந்த மண்ணிலிருந்து பிரித்தெடுத்த அளவு; அதில் ஒரு பங்குதான் பயிருக்குக் கிடைக்கும். அந்த எண் குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று வயலை வகைப்படுத்த மட்டுமே பயன்படும். 280-க்குக் கீழே தழைச்சத்து குறைவு. சாம்பல்சத்தில் 118 முதல் 280 வரை நடுத்தரம். இன்னொரு கண்ணியும் இருக்கிறது: அறிக்கையில் உள்ள மணிச்சத்து தனிப் பாஸ்பரஸ், பரிந்துரையில் உள்ளதோ அதன் ஆக்சைடு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கவே முடியாது.

வகை தெரிந்தபின் நடைமுறை எளிது. குறைவு என்றால் பரிந்துரையோடு கால் பங்கு கூட்டு, நடுத்தரம் என்றால் அப்படியே விடு, அதிகம் என்றால் கால் பங்கு குறை. ஹெக்டேருக்கு 150:50:50 என்பது ஏக்கருக்கு 60:20:20. இந்த வயலுக்குத் திருத்தினால் 75:15:20. மூன்று ஏக்கருக்கு 225, 45, 60 கிலோ.

இவை சத்தின் எடை. கடையில் விற்பது மூட்டை. டிஏபியில் மணிச்சத்து 46 சதவீதம்; 45 கிலோ சத்துக்கு ஏறக்குறைய 100 கிலோ, அதாவது இரண்டு மூட்டை. அதிலேயே 18 கிலோ தழைச்சத்தும் வந்துவிடுகிறது. மீதி 207 கிலோ யூரியாவிலிருந்து வர வேண்டும். அதிலும் 46 சதவீதம் என்பதால் 450 கிலோ, 45 கிலோ மூட்டையில் சரியாகப் பத்து. பொட்டாஷில் 60 சதவீதம். 100 கிலோ, இரண்டு மூட்டை. டிஏபியின் தழைச்சத்தைக் கழிக்க மறப்பது பயிற்சியில் அன்றாடம் பார்க்கும் தவறு.

துத்தநாகத்துக்குத் தமிழ்நாட்டில் 1.2 பிபிஎம் எல்லை. 0.7 போதாது, பிஎச் 8.1-ல் இருப்பதும் எளிதில் கிடைக்காது. ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து நடவுக்கு முன் தூவச் சொன்னோம். டிஏபியோடு கலந்து போட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

தழைச்சத்து 'குறைவு' என்ற வரியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நம் வயல்களில் பெரும்பாலும் அப்படித்தான் வரும், அதனால் அது ஒரு வயலை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதில்லை. சில ஆய்வகங்கள் அதை நேரடியாக அளக்காமல் கரிமத்திலிருந்து கணித்தும் எழுதுகின்றன. அதனால் அடியுரமாக இரண்டு மூட்டை யூரியா, மீதி எட்டை மூன்று தவணை, ஒவ்வொரு தவணைக்கும் முன் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்ப்பது என்று எழுதினோம். இலை கருகருவென்று இருந்தால் தவணையைத் தள்ளிப்போடலாம். இல்லாவிட்டால் பயிர் சாயும், புகையான் ஏறும்.

மண்வள அட்டையோடு யாராவது வந்தால், மண் எங்கே எடுத்தது என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. 2015-ல் திட்டம் தொடங்கியபோது பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒன்று என்றுதான் எடுத்தார்கள். அந்தக் கட்டத்துக்குள் இருந்த எல்லாருக்கும் ஒரே எண்கள். உங்கள் வயலில் மண்வெட்டியே படாமல் உங்கள் பெயரில் அட்டை வந்திருக்கலாம்.

பரிந்துரையை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் போனோம். இதுவரை ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி, மூன்று மூட்டை யூரியா என்று போட்டு வந்தவர். மண்ணில் மணிச்சத்து ஏறியிருப்பதற்கு அந்த டிஏபியே சாட்சி. யூரியா ஒரு மூட்டைதான் கூடுகிறது, அதில் அவருக்கு வருத்தம் இல்லை.

"டிஏபி மூணுக்கு ரெண்டா? சரி, குறைச்சுப் பாக்குறேன். ஆனா பொட்டாஷு ரெண்டு மூட்டைக்கு, மிச்சம் பண்ணுன ஒரு மூட்டைக் காசு பத்தாதே தம்பி. அதைப் போட்டுத்தான் ஆகணுமா? நம்ம மண்ணுல நடுத்தரம்னுதானே போட்டிருக்கு?"

இளைஞர் என்னைப் பார்த்தார். நான் பேசவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "வைக்கோலை என்னங்கய்யா செய்றீங்க?"

"மெஷின் வந்து உருட்டிக் கட்டிட்டுப் போயிடுது. ஒரு தும்பு நிக்காது."

நெல் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. அது வயலிலேயே மடங்கினால் ஒரு கணக்கு, லாரியேறினால் வேறு கணக்கு. அறிக்கையில் அதற்குக் கட்டம் கிடையாது. இளைஞர் பொட்டாஷ் வரியில் கை வைக்காமல், அதன் கீழே 'வைக்கோல் வெளியே போகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.