ஊதுகுழலா, சக்கரமா?

குளத்து நீரில் ஒரு சொட்டை நூறு மடங்கு பெரிதாக்கி எடுத்த படம். பாசி இழையில் ஓர் உயிர் ஒட்டியிருக்கிறது. கீழே ஒல்லி, மேலே அகலம், விளிம்பில் மங்கலான மயிர்கள். இது ஸ்டென்டாராகவும் இருக்கலாம், ரோட்டிஃபராகவும் இருக்கலாம். முன்னது ஒற்றைச் செல் உயிரி. பின்னது பல நூறு செல்கள் கொண்ட முழு விலங்கு. அளவை நம்ப முடியாது: பெரிய ஸ்டென்டார் ஒரு மில்லிமீட்டரையும் தாண்டும், ரோட்டிஃபர்கள் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

மயிர்களைப் பார்த்தும் முடிவு செய்ய வேண்டாம். அவை ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பதால், நேரில் ரோட்டிஃபரின் தலையில் இரண்டு சக்கரங்கள் சுழல்வதுபோலத் தெரியும். உண்மையில் எதுவும் சுழல்வதில்லை. படத்தில் அந்த வேகம் வெறும் மங்கலாகத்தான் பதியும், ஸ்டென்டாரிலும் அப்படியே.

உடலுக்குள் பாருங்கள். தலைக்குச் சற்றுக் கீழே கெட்டியான தாடைகள் தெரிந்தால் அது ரோட்டிஃபர்; இரையை அரைக்கும் உறுப்பு அது. காலின் நுனியில் விரல் போன்ற நீட்சிகள் இருந்தால் இன்னும் உறுதி. தாடைக்குப் பதில் மணிகள் கோத்ததுபோல் உட்கரு நீண்டு, உடல் நீலப்பச்சையாக இருந்தால், ஸ்டென்டார் சீருலியஸ் எனலாம்.

சுருங்கிய நிலையில் இரண்டுமே உருண்டைதான். அப்போது சில நிமிடம் விட்டு, அது நீண்ட பிறகு மறுபடி படமெடுக்க வேண்டும். அட்டைபோல் நீண்டு சுருங்கி நகர்ந்தால், பெடலாய்டு வகை ரோட்டிஃபராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.