அறுபதாவது வினாடிக்குப் பிறகு

தெற்குக் கெடாவில், பண்டார் பாரு மாவட்டத்துச் செர்டாங்கைச் சுற்றியுள்ள பால்மரக் காடுகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் பிறந்து வளர்ந்தவர்களில் பலர் இன்று கூலிமிலோ பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். தோட்டக் கோயில் திருவிழாவுக்கு வரமுடியாதவர்கள் அதைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். காவடி புறப்படுவதையும் உறுமி மேளம் முழங்குவதையும் யாராவது ஒருவர் நிமிர்ந்த சட்டகத்தில் பிடித்து ஷார்ட்ஸ், ரீல்ஸ், டிக்டாக் என்று ஏற்றிவிடுகிறார். ஏற்றும்போது செயலி கேட்பவை மூன்று: எவ்வளவு நீளம், என்ன ஒலி, எது முகப்புப் படம். மூன்றையும் அழகு பார்க்கும் வேலையாக எடுத்துக்கொண்டு பொத்தானை அழுத்திவிடுகிறோம். ஆனால், குறிப்பாக யூடியூபில், நீள வரம்பு என்பது பாட்டின் உரிமையைப் பற்றிய விதி. அது புரியாததால்தான் மாலையில் ஏற்றிய காணொளி மறுநாள் காலையில் ஒருவருக்கும் திறப்பதில்லை.

2024 அக்டோபர் 15 முதல் யூடியூபில் மூன்று நிமிடம் வரையிலான, சதுரமாகவோ நிமிர்ந்தோ இருக்கும் காணொளி ஷார்ட்ஸ் வகையில் சேர்கிறது. அதற்கு முன் எல்லை ஒரு நிமிடம். இந்த மூன்று நிமிடச் செய்தி எல்லாருக்கும் தெரியும். அதனுடன் ஒட்டிவந்த நிபந்தனை பலருக்குத் தெரியாது. ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்ஸில் வேறொருவருக்குச் சொந்தமான ஒலியோ படமோ இருப்பதாக யூடியூபின் ஒப்பீட்டு முறையான Content ID கண்டுபிடித்து, அந்த உரிமைக்கோரல் நிலுவையில் இருந்தால், காணொளி உலகம் முழுவதும் முடக்கப்படும். ஒரு நிமிடத்துக்குள் இருந்தால் அப்படித் தானாக முடங்குவதில்லை. உரிமையாளர் தடுக்கச் சொல்லியிருந்தால் ஒழிய அது ஓடிக்கொண்டிருக்கும், வருமானம் ஏதும் இருந்தால் அவருக்குப் போகலாம். ஆக, சொந்த ஒலி மட்டுமே உள்ளவருக்கு எல்லை மூன்று நிமிடம். சினிமாப் பாட்டு கலந்தவருக்கு எல்லை இன்னமும் ஒரு நிமிடம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு நிமிடம் பத்து வினாடி ஓடும் திருவிழாக் காணொளி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் நாற்பது வினாடி உறுமி மேளம் மட்டும். அடுத்த நாற்பத்தைந்து வினாடி பந்தலின் ஒலிபெருக்கியில் ஒரு சினிமா பக்திப்பாட்டு. மிச்சமுள்ள நாற்பத்தைந்து வினாடியில் காவடி கோயிலுக்குள் நுழைகிறது, மணிச் சத்தமும் அரோகராவும் கேட்கின்றன. நடுவில் வந்த அந்தப் பாட்டுக்காக 130 வினாடியும் முடங்கும். யூடியூப் ஸ்டூடியோவில் அந்தக் கோரலைத் திறந்தால் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை பாட்டு பொருந்துகிறது என்று காட்டும். தீர்வாகச் சில வழிகளும் அங்கேயே இருக்கும். Trim out segment என்பது அந்தப் பகுதியைப் படத்தோடு வெட்டி எறிவது. Replace song என்பது யூடியூபின் இலவச ஒலிக் களஞ்சியத்திலிருந்து வேறு இசையைப் போடுவது. Mute என்பது ஒலியை நிறுத்துவது. Erase song பேச்சையும் பிற ஓசைகளையும் விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் பிரித்தெடுக்கப் பார்க்கும்.

கடைசி வழி கேட்க இனிமையாக இருக்கிறது. கோயில் காணொளிக்கு அதை நம்பிவிடக் கூடாது என்பது என் கருத்து. மனிதக் குரலையும் பின்னணிப் பாட்டையும் பிரிப்பது ஓரளவு நடக்கும். பாட்டுக்கு மேலேயே உறுமி முழங்கும்போது எது பாட்டின் தாளம், எது பந்தலின் தாளம் என்று கருவி எப்படி அறியும்? பாட்டோடு மேளமும் தேய்ந்துபோக வாய்ப்புண்டு. பாட்டை மாற்றிப் போட்டாலோ காவடி ஆடும் காலடிக்கும் கேட்கும் இசைக்கும் ஒட்டே இராது. நம் கணக்கில் நேர்மையான தீர்வு நடுவிலுள்ள நாற்பத்தைந்து வினாடியை வெட்டுவதுதான். 85 வினாடி மிஞ்சும். ஒரு நிமிடத்தைத் தாண்டினாலும் கோரல் நீங்கிவிட்டதால் தடையில்லை. பாட்டு வரும் பகுதிதான் முக்கியம் என்றால், அதைச் சுற்றி ஐம்பத்தைந்து வினாடி மட்டும் எடுத்து ஏற்றலாம். அப்போது அது உரிமையாளரின் தயவில் ஓடும் காணொளி என்பதை மனதில் கொள்ள வேண்டும். இதைவிட மேல், கணினியில் ஸ்டூடியோ வழியாகத் தனிப்பட்டதாக வைத்து ஏற்றி, Checks என்ற கட்டம் முடியும்வரை காத்திருப்பது. பாட்டு பொருந்தினால் வெளியிடும் முன்பே அது சொல்லிவிடும். மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்தால் மறுபடி வெட்டி ஏற்றுவது சில நிமிட வேலை.

இங்கே வழக்கமாக எழும் மறுப்புகள் உண்டு. பத்து வினாடிக்குள் இருந்தால் குற்றமில்லை என்பது முதலாவது. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தில் இத்தனை வினாடி என்று ஒரு கணக்கே இல்லை. படைப்பின் முழுமையையோ அதன் கணிசமான பகுதியையோ பயன்படுத்தினாயா என்றுதான் அது கேட்கிறது. ஒரு பாட்டின் பல்லவி சில வினாடிதான் என்றாலும் அந்தப் பாட்டை அடையாளம் காட்டுவதே அதுதான். ‘பாட்டு உரிமையாளருக்கே சொந்தம்’ என்று கீழே எழுதிவிட்டால் போதும் என்பது இரண்டாவது. பெயரைக் குறிப்பிடுவது மரியாதை, அது அனுமதி ஆகாது. சட்டத்தின் 13ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. விமர்சனம், நடப்புச் செய்தி, ஆராய்ச்சி போன்றவை அதில் வரும். நீதிமன்றத்தில் அதை வாதாடலாம். ஒப்பிடும் இயந்திரத்திடம் வாதாட முடியாது, ஆட்சேபம் தெரிவித்த பிறகுதான் மனிதர் பார்ப்பார்.

மூன்றாவது மறுப்பில் நியாயம் இருக்கிறது. பந்தலில் பாட்டுப் போட்டது நானல்ல, நான் காவடியைத்தானே எடுத்தேன் என்பார்கள். இதே சட்டம் பொது இடத்தில் எல்லாரும் காணும்படி உள்ள கலைப்படைப்பு படத்தில் வருவதை அனுமதிக்கிறது. கோபுரச் சிற்பமும் சுவரோவியமும் தைரியமாக இடம்பெறலாம். ஒரு படைப்பு தற்செயலாகப் படத்தில் சேர்ந்துவிடுவதற்கும் அதில் இடம் உண்டு, ஒலிபெருக்கிப் பாட்டுக்கு அதை வாதாடலாம். ஆனால் ஒப்பிடும் இயந்திரம் அதைப் பார்ப்பதில்லை. எனக்கு இது ஒருதலைப்பட்சமாகவே படுகிறது. இயந்திரம் இப்படி இருக்கும்வரை, திருவிழாக் குழு சாமி புறப்படும் நேரத்தில் மட்டும் ஒலிபெருக்கியை நிறுத்திவைத்தாலே படம் எடுப்பவர்களின் பாதித் தொல்லை தீரும்.

செயலியின் உள்ளேயே உள்ள பாட்டைத்தானே சேர்த்தேன் என்போருக்கும் ஒரு சொல். அந்த அனுமதி செயலி வாங்கியது. அந்தச் செயலிக்குள், அது வரையறுத்த நீளத்துக்கு, அந்த ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்வரை செல்லும். ஷார்ட்ஸில் பாட்டோடு செய்ததை இறக்கி ஃபேஸ்புக்கில் ஏற்றினால் அனுமதி கூடவே வருவதில்லை. 2024 ஜனவரி 31ஆம் தேதி யுனிவர்சல் மியூசிக் நிறுவனத்துக்கும் டிக்டாக்குக்கும் இருந்த ஒப்பந்தம் காலாவதியானபோது, முன்பே ஏற்றப்பட்டிருந்த காணொளிகளும் ஊமையாகின. மே மாதத் தொடக்கத்தில் புது ஒப்பந்தம் வந்த பிறகுதான் பாட்டுகள் திரும்பின. கடை, டியூஷன் நிலையம், உணவகம் பெயரில் வணிகக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் குறுகலான இடம்: டிக்டாக்கில் அவர்களுக்கென்று வணிகப் பயன்பாட்டு இசைத் தொகுப்பு தனியாக உண்டு, வெற்றிப் பாட்டுகள் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. தமிழ்ப் பாட்டில் சிக்கல் கூடுதல். ‘குட் பேட் அக்லி’ படத்தில் தன் பாட்டுகள் பயன்பட்டது குறித்து இளையராஜா வழக்குத் தொடுத்து, 2025 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றார். உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் அனுமதி பெற்றுவிட்டோம் என்றது தயாரிப்புத் தரப்பு. படக் கம்பெனிக்கே யாரிடம் கேட்பது என்பது வழக்காகும்போது, கைப்பேசி வைத்திருப்பவர் பாட்டைத் தவிர்ப்பதே லாபம்.

முகப்புப் படத்தில் சிக்கல் வேறு மாதிரி. காணொளியைத் தட்டாதவர்களும் அதைப் பார்க்கிறார்கள். இரண்டு நிமிட அசைவில் கடந்துபோகும் முகம் அங்கே நிலைத்து நிற்கிறது. அருள் வந்து ஆடுபவரின் கண் செருகிய ஒரு நொடியை, அல்லது அலகு குத்தும்போது அழும் பிள்ளையை முகப்பாக வைத்தால், சுற்றியிருந்த பக்தியெல்லாம் விலகி வேடிக்கைதான் மிஞ்சும். ஷார்ட்ஸில் கைப்பேசிச் செயலியில் ஏற்றும்போதே காணொளியின் ஒரு சட்டகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; விட்டுவிட்டால் யூடியூபே ஏதோ ஒன்றைப் பொறுக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கொடிமரத்தையோ கோயில் முகப்பையோ அரை வினாடி காணொளியின் கடைசியில் ஒட்டிவைத்து அதையே தேர்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் வெளியிட்ட பிறகும் முகப்பை மாற்றலாம். ஆனால் 2025 ஜனவரியிலிருந்து அதன் கணக்குப் பக்கக் கட்டங்கள் 3:4 அளவுக்கு மாறியதால், 1080க்கு 1920 படத்தில் மேலும் கீழும் 240 புள்ளிகள் வெட்டுப்படும். திருவிழாத் தேதியை உச்சியில் எழுதுவோர் கவனிக்க.

பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பார்த்தாலும் சட்டத்தில் சில பிடிகள் உண்டு. உறுமிக் குழுவினர் நிகழ்த்துநர்கள். நேரில் நிகழ்த்தியதைப் பதிவுசெய்து பரப்புவதில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 16ஏ பிரிவு சொல்கிறது. குழுத் தலைவரிடம் முன்கூட்டியே ஒரு வாட்ஸ்அப் சம்மதம் வாங்கிவைப்பது இருவருக்கும் நல்லது. இயந்திரம் தவறாகக் கோரினால் ஆட்சேபிக்கலாம், கோரியவர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நாதஸ்வரக்காரர் நேரில் வாசித்த தியாகராஜர் கீர்த்தனையை யாரோ ஒருவரின் இசைத்தட்டாக அது எண்ணிவிடுவதுண்டு. 1847இல் மறைந்தவரின் படைப்புக்கு இன்று உரிமையாளர் இல்லை, இசைத்தட்டுக்கு மட்டுமே உண்டு என்பதை ஆட்சேபத்தில் எழுத வேண்டும். உங்கள் காணொளியை எடுத்து, மேள ஒலியை அகற்றி, கேலிப் பாட்டை வைத்து ஒருவர் ஏற்றிவிட்டால், அது திருட்டு மட்டுமல்ல; படைப்பைச் சிதைத்து மானத்தைக் கெடுப்பதற்கு எதிரான 25ஆம் பிரிவின் கீழும் வரக்கூடும். 43எச் பிரிவின்படி முறையான அறிவிப்புக் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் சேவை வழங்குநர் அதை நீக்க வேண்டும். முகம் தெரியும்படி வந்து சங்கடப்படுபவர், படம் எடுத்தவராக இல்லாவிட்டாலும், யூடியூபின் தனியுரிமைப் புகாரை நாடலாம். ஏற்றியவருக்குத் திருத்தவோ நீக்கவோ 48 மணி நேரம் தரப்படும். மிரட்டலோ ஆபாசமோ கலந்திருந்தால் aduan.mcmc.gov.my வழியாக மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம். எந்தப் புகாருக்கும் முன்னால் காணொளியின் இணைப்பு, கணக்கின் பெயர், தேதி தெரியும் திரைப்பிடிப்பு மூன்றையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஏற்றியவர் அவசரமாக அழித்துவிட்டால் காட்டுவதற்கு வேறெதுவும் இருக்காது.