டிரைகிளிசரைடு 1,840

மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் 42 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பல நோயாளிகளின் சாயலில் நான் உருவாக்கிய மாதிரி அவர். இரண்டு வருடங்களுக்கு முன் கணைய அழற்சி வந்து ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். இப்போது வலி எதுவும் இல்லை. ஆனால் 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து கொடுத்த ரத்தத்தில் டிரைகிளிசரைடு, டெசிலிட்டருக்கு 1,840 மில்லிகிராம். 150-க்குள் இருக்க வேண்டியது அது. சோதனைக்கூடத்தில் குழாயை நிறுத்திவைத்தால் மேலே தெளியும் நீர் பால்போல் வெளுத்திருக்கும்.

வீட்டில் எல்லோரும் இதயத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். உடனடி ஆபத்து கணையத்துக்குத்தான். அளவு 500-ஐத் தாண்டினால் கவலை தொடங்குகிறது. 1,000-ஐத் தாண்டினால் கணையம் மறுபடி வீங்கும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. ஏற்கெனவே ஒருமுறை வீங்கியவர் என்பதால் இவரைப் போன்றவரிடம் பொறுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதலில் பார்க்க வேண்டியது பழைய டிஸ்சார்ஜ் தாள். அதில் காரணம் ‘மது’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. டிரைகிளிசரைடு 140 என்று ஓர் எண்ணும் இருக்கிறது. எடுத்த தேதியைப் பார்த்தால், சேர்ந்த நான்காம் நாள்! வாய்வழி எதுவும் கொடுக்காமல் சொட்டு மருந்தில் வைத்திருக்கும்போது இந்தக் கொழுப்பு இரண்டு மூன்று நாளில் மளமளவென்று இறங்கிவிடும். ஆகவே அந்த 140 எதையும் நிரூபிக்கவில்லை. சேர்ந்த அன்றே எடுத்த முதல் ரத்தத்தில் பார்த்திருந்தால், மதுவோடு டிரைகிளிசரைடும் சேர்ந்து அடித்ததா என்பது அப்போதே தெரிந்திருக்கும். அப்படித் தெரியாமல் போனதால்தான் இரண்டு வருடம் யாரும் அதை மறுபடி பார்க்கவில்லை.

ரத்தத்துக்குள் இந்தக் கொழுப்பு இரண்டு வழியில் வருகிறது. சாப்பிட்ட எண்ணெயும் கொழுப்பும் குடலில் பெரிய துகள்களாகக் கட்டப்பட்டு வருகின்றன. சர்க்கரை, மாவு, மது ஆகியவற்றைக் கொண்டு கல்லீரல் தானே கொழுப்பு செய்து அனுப்புவது இன்னொரு வழி. இரண்டையும் உடைத்து வெளியேற்றுவது பெரும்பாலும் ஒரே நொதி, லிப்போபுரோட்டீன் லைப்பேஸ். இரண்டு வாய்க்கால் நீரும் ஒரே மதகு வழியாக வடிய வேண்டிய ஏரி இது. அளவு 500, 700 என்று ஏறும்போது நொதிக்கு மூச்சு முட்டுகிறது. அதன்பின் உள்ளே வருவதெல்லாம் தேங்குகிறது. தேங்கிய கொழுப்பைக் கணையத்தின் சொந்த நொதியே அங்கேயே உடைக்க, வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள் அதன் செல்களையும் நுண்குழாய்களையும் அரிக்கின்றன.

இன்னொரு முடிச்சும் உண்டு. லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் வேலை செய்ய இன்சுலின் வேண்டும். அடிபட்ட கணையம் குறைவாக இன்சுலின் சுரந்தால் சர்க்கரை ஏறும், நொதி சோரும், டிரைகிளிசரைடு இன்னும் ஏறும், கணையம் மீண்டும் அடிபடும். நம் கடைக்காரருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.2 சதவீதம். அவர் அதற்கு மருந்து எதுவும் எடுக்கவில்லை. தைராய்டு, சிறுநீரில் புரதம், ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் ஆகியவற்றையும் விசாரிக்க வேண்டும். இவரிடம் அவை சரியாக இருந்தன.

மதுவைப் பற்றிக் கேட்டால், “சனி, ஞாயிறு மட்டும்தான் சார், ஒரு குவார்ட்டர்” என்பார். பதிலைக் கிராமாக மாற்ற வேண்டும். 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். அதைக் கல்லீரல் எரிக்கும்போது கொழுப்பை எரிக்கும் வேலை தள்ளிப்போகிறது. அங்கிருந்து கொழுப்பு அதிகமாக வெளியேறுகிறது. தொட்டுக்கொள்ளப் பொரித்த கோழியும் இருந்தால் இரண்டு வாய்க்காலும் ஒரே இரவில் பெருகும். கணையம் ஒருமுறை வீங்கியவருக்குக் குறைத்துக் குடிப்பது என்ற பேரம் கிடையாது, அளவு பூஜ்யம். தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால் மட்டும், கைநடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்பதால், மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும்.

அடுத்து மாவுச்சத்து. மருத்துவமனையிலிருந்து வந்ததும் அவர் ஆட்டுக்கறியையும் நெய்யையும் விட்டுவிட்டார். அந்த இடத்தில் காலையில் பழச்சாறு, கடையில் சர்க்கரை போட்ட நான்கு டீயும் ரஸ்க்கும், இரவில் தட்டு நிறையச் சாதம் வந்து உட்கார்ந்தன. சாறு பழம்தானே என்பது அவர் நம்பிக்கை. நார் நீங்கிய சாறும் கல்லீரலுக்குச் சர்க்கரைதான். இவருடைய அளவில் சர்க்கரையும் சாறும் அறவே நிற்க வேண்டும். சாதம் பாதியாகி, அந்த இடத்தில் பருப்பும் காயும் வர வேண்டும்.

எண்ணெய்தான் பெரும்பாலும் தவறிப்போகும் கணக்கு. 1,000-ஐத் தாண்டியவருக்கு மொத்தக் கலோரியில் 10 முதல் 15 சதவீதம்தான் கொழுப்பாக இருக்கலாம். நாளுக்கு 1,600 கலோரி என்றால் அது 18 முதல் 27 கிராம். எண்ணெய் குறைவாகத்தான் ஊற்றுகிறோம் என்று வீட்டில் சொல்வார்கள். மாதம் எத்தனை லிட்டர், எத்தனை பேர் என்று கேட்டால் உண்மை வரும். நான்கு பேருக்கு நான்கு லிட்டர் என்றார் அவர் மனைவி. ஆளுக்கு ஒரு லிட்டர், நாளுக்கு 33 மில்லி, அதாவது 30 கிராம். பால், தேங்காய்ச் சட்னி, மீன் எல்லாம் வருவதற்கு முன்பே வரம்பு தாண்டிவிட்டது.

நல்ல எண்ணெய்க்கு மாறிவிட்டோம் என்பதும் இங்கே உதவாது. செக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் குடலிலிருந்து அதே துகளாகத்தான் வருகின்றன. தேங்காய் எண்ணெயின் பெரும்பகுதியும் அப்படியே. இதயத்துக்கு நல்லது எது என்பது வேறு கேள்வி. இப்போது எண்ணுவது மொத்தக் கிராமை. அவருக்கு மட்டும் நாளுக்கு இரண்டு தேக்கரண்டி, சுமார் 9 கிராம், தனிக் கிண்ணத்தில் அளந்து வைக்கச் சொல்லலாம். மிச்சத்தை ஆடை நீக்கிய பாலும் பருப்பும் மெலிந்த மீனும் தாமாகவே நிரப்பும். இதை நீண்ட நாள் தொடர்ந்தால் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் குறையலாம் என்பதால் உணவியலாளர் கண் வேண்டும்.

ஃபெனோஃபைப்ரேட் போன்ற மருந்தும் சர்க்கரைக்கு இன்சுலினும் இதோடு தொடங்கும். இவை எல்லாம் நோட்டில் எண்ணாகவும் தேதியாகவும் ஏற வேண்டும். ‘எண்ணெயைக் குறைக்கவும்’ என்று எழுதினால் அடுத்த முறை பார்ப்பவருக்கு எதுவும் விளங்காது. இன்றைய அளவு 1,840, கொழுப்பு 25 கிராமுக்குள், மது பூஜ்யம், இரண்டு வாரத்தில் 1,000-க்குக் கீழே, எட்டு வாரத்தில் 500-க்குக் கீழே, அதன்பின் 200-ஐ நோக்கி, அடுத்த ரத்தம் எடுக்கும் தேதி, 12 மணி நேரம் வெறும் வயிறு. 500-க்குக் கீழே இறங்கிய பிறகு கொழுப்பு வரம்பைத் தளர்த்தலாம் என்பதும் அங்கேயே எழுதப்பட்டால் அவருக்குத் தெம்பாக இருக்கும். மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்து வாந்தியும் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போய், முதல் ரத்தத்திலேயே டிரைகிளிசரைடைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது கடைசி வரி. கொழுப்பு மிதக்கும் ரத்தத்தில் அமைலேஸ் பொய்யாகச் சாதாரண அளவு காட்டக்கூடும் என்பதால் லைப்பேஸும் வேண்டும்.

இவ்வளவும் செய்து, குடியும் நின்று, சர்க்கரையும் அடங்கிய பிறகும் 1,000-க்குக் கீழே இறங்காதவர்கள் சிலர் உண்டு. பெரும்பாலும் ஒல்லியான உடம்பு, சிறு வயதிலிருந்தே காரணம் தெரியாத வயிற்று வலி, ஃபைப்ரேட் கொடுத்தும் பெரிதாக அசையாத எண். இவர்கள் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறார்கள் என்று சந்தேகிப்பது கொடுமை. லிப்போபுரோட்டீன் லைப்பேஸே பிறவியில் செயல்படாதவர்களாக அவர்கள் இருக்கலாம். மரபணுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நம் கடைக்காரர் போன்றோரிடம் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. மாதத்துக்கு நான்கு லிட்டரும் வாரத்துக்கு இரண்டு குவார்ட்டரும் நின்றால் முதல் இரண்டு வாரத்திலேயே அவர்களுடைய எண் நகர ஆரம்பித்துவிடும்.