நூறு வரை ஏற்றலாமா, எண்பதில் நிறுத்தலாமா?

டெஸ்லா மாடல் 3 காரில் ஒரே பெயரில் வரும் இரண்டு வகைகளுக்கு, அந்த நிறுவனமே இரண்டு வேறு அறிவுரைகள் தருகிறது. நெடுந்தூரம் ஓடும் வகையை வாங்கியவரிடம், தினசரி உபயோகத்துக்கு 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைத்த வகையை வாங்கியவரிடம், வரம்பை 100 சதவீதத்திலேயே வைத்துவிடுங்கள், வாரத்துக்கு ஒரு முறையாவது முழுதாக ஏற்றுங்கள் என்கிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இந்த இரண்டு கார்களும் நின்றால், ஒருவர் மற்றவருக்குச் சொல்லும் யோசனை கெடுதலாகவே முடியும். நம் ஊரில் மின்கார் வாங்குவோர் மத்தியில் இப்போது நடப்பது இதுதான். 'எண்பதுக்கு மேல ஏத்தாதீங்க' என்பது எல்லா வண்டிக்கும் பொதுவான விதி போலப் பரவிவிட்டது. அது பாதி வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

இரண்டு பேட்டரியும் லித்தியம் அயனி பேட்டரிதான். இரண்டிலும் ஒரு பக்கம் கிராஃபைட் இருக்கிறது. வித்தியாசம் எதிர்ப்பக்கத்தில், அதாவது கேத்தோடில். ஒன்றில் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த ஆக்சைடு. இதை என்எம்சி என்பார்கள். மற்றதில் லித்தியம் இரும்பு பாஸ்பேட், சுருக்கமாக எல்எஃப்பி. இந்தியச் சாலைகளில் டாடா நெக்ஸான், எம்ஜி விண்ட்சர், மஹிந்திரா பிஇ 6 ஆகியவை எல்எஃப்பி கட்சி. சென்னைக்கு அருகே தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் என்எம்சி கட்சி. விளம்பரத்தில் 'லித்தியம் அயனி' என்று மட்டும் போட்டிருந்தால் அதிலிருந்து எதுவும் தெரியாது. எந்த வகை என்று ஷோரூமில் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இரும்பு மலிவானது, எங்கும் கிடைப்பது. பிறகு ஏன் முதலிலேயே அதைப் பயன்படுத்தவில்லை? சாதாரண இரும்பு ஆக்சைடில் கிடைக்கும் வோல்டேஜ் போதாது. இதற்கு வழி திறந்தவர்களில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரர். மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980களின் பிற்பகுதியில் ஜான் குட்எனஃபுடன் வேலை செய்தபோது, ஆக்சிஜனைத் தனியாக விடாமல் கந்தகத்தோடு இறுகப் பிணைத்து, சல்பேட்டாக வைத்தால், அதே இரும்பு அதிக வோல்டேஜ் தருகிறது என்று காட்டினார். அந்த வழியில் தொடர்ந்த குட்எனஃபின் டெக்சாஸ் ஆய்வகம், 1990களின் பிற்பகுதியில் இரும்பு பாஸ்பேட்டைக் கண்டெடுத்தது. 2019இல் குட்எனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, 97 வயதான அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியவரும் மந்திரம்தான்.

பாஸ்பரசும் ஆக்சிஜனும் அப்படி இறுகப் பிணைந்திருப்பது வோல்டேஜை மட்டும் உயர்த்தவில்லை. பேட்டரி அளவுக்கு மீறிச் சூடானால், நிக்கல் ஆக்சைடு உடைந்து ஆக்சிஜனை வெளியே விடும். நெருப்புக்கு வேண்டிய காற்றை பேட்டரியே உள்ளிருந்து ஊட்டுகிறது என்று அர்த்தம். நிக்கல் கூடக்கூட இந்த உடைவு குறைந்த வெப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. பாஸ்பேட் தன் ஆக்சிஜனை எளிதில் விடாது. எல்எஃப்பி பேட்டரி தீப்பிடிக்கவே பிடிக்காது என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். அதற்குள் இருக்கும் திரவமும் எரியக்கூடியதே, அடிபட்டு உடைந்தால் எரியும் வாயு வெளிவரும். ஆனால் தீ மூள அதிக வெப்பம் வேண்டும், மூண்டாலும் பக்கத்து செல்லுக்குத் தாவுவது மெதுவாக நடக்கும். அது உண்மையான அனுகூலம்.

இப்போது சார்ஜ் விஷயத்துக்கு வருவோம். நிக்கல் பேட்டரியின் ஒரு செல், முழுதாக ஏறியிருக்கும்போது ஏறக்குறைய 4.2 வோல்ட் காட்டும். லித்தியம் வெளியேற வெளியேற நிக்கல் ஆக்சைடின் படிக அடுக்குகள் சுருங்கி, மேல்மட்டத்தில் அந்தச் சுருக்கம் வேகமாகி, துகள்களில் மெல்லிய விரிசல் விழுகிறது. அந்த உயர்ந்த வோல்டேஜில் உள்ளிருக்கும் திரவமும் மெல்ல மெல்லச் சிதைகிறது. அதனால்தான் 80இல் நிறுத்தச் சொல்கிறார்கள். வெளியூர்ப் பயணத்துக்கு முன் 100 வரை ஏற்றி உடனே கிளம்பிவிட்டால் பாதிப்பு பெரிதில்லை. முழுதாக ஏற்றி வெயிலில் பல நாள் நிறுத்துவதுதான் ஆயுளைத் தின்னும்.

எல்எஃப்பி செல் முழுதாக ஏறும்போது 3.65 வோல்டைத்தான் தொடும். சார்ஜரை எடுத்ததும் அதிலிருந்தும் இறங்கிவிடும். கேத்தோடுக்கு விரிசல் தொல்லை பெரிதாகக் கிடையாது. ஆனால் '100 வரை ஏற்றுங்கள்' என்று சொல்வதற்கு முக்கியக் காரணம் அதுவல்ல. மீட்டர் சரியாக இருக்கவேண்டும் என்பதே காரணம்.

நிக்கல் செல்லில் 80 சதவீதத்திலிருந்து 30க்கு இறங்கும்போது வோல்டேஜ் ஏறத்தாழ 4 வோல்டிலிருந்து 3.6 வரை சீராகச் சரியும். வோல்டேஜைப் பார்த்தே கார் மிச்சத்தைச் சொல்லிவிடும். எல்எஃப்பியில் அதே இறக்கத்துக்கு வோல்டேஜ் 3.3ஐ ஒட்டியே நிற்கும். மாற்றம் ஒரு வோல்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது. லித்தியம் நிறைந்த பாஸ்பேட், லித்தியம் இல்லாத பாஸ்பேட் என்ற இரண்டே நிலைகள் ஒன்று குறைந்து மற்றது கூடுவதால் இப்படி. முக்கால் இருக்கிறதா, பாதி இருக்கிறதா என்று வோல்டேஜை வைத்துச் சொல்லமுடியாது. மூடிய தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்க்க முடியாத நிலையில், ஊற்றிய குடத்தையும் மொண்ட குடத்தையும் எண்ணிக் கணக்கு வைப்பது போல, உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துத்தான் கார் சதவீதத்தைக் காட்டுகிறது.

எண்ணிக்கையில் சிறு பிசகு வரத்தான் செய்யும். ஒருவர் 45 யூனிட் எல்எஃப்பி பேட்டரி உள்ள காரை, யாரோ சொன்னார்கள் என்று, 40க்கும் 80க்கும் இடையிலேயே மாதக்கணக்கில் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் கணக்கில் அரை யூனிட்டில் பாதி ஒரே திசையில் தவறினால்கூட, இருபது சார்ஜில் 5 யூனிட் பிசகாகிவிடும். நெடுஞ்சாலையில் நல்ல ஓட்டத்தில் ஒரு யூனிட்டுக்கு 6 முதல் 7 கிலோமீட்டர் கிடைக்கும் என்றால், திரையில் தெரியும் தூரத்தில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இல்லாத ஒன்று. திரையில் 15 சதவீதம் என்று இருக்கும், திடீரென 5க்கு விழும், வண்டி வேகம் குறையும். பேட்டரி போய்விட்டதென்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுவார்கள். பேட்டரியில் ஒரு குறையும் இருக்காது, கணக்குதான் தவறியிருக்கும். 100ஐ நெருங்கும்போது எல்எஃப்பியின் வோல்டேஜ் செங்குத்தாக ஏறும். அந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான் கார் 'இதுதான் முழு அளவு' என்று கணக்கைப் புதிதாகத் தொடங்குகிறது. நூற்றுக்கு மேற்பட்ட செல்களில் பின்தங்கியவற்றைச் சமன்செய்யும் வேலையும் பல வண்டிகளில் அந்தக் கடைசி நேரத்தில்தான் நடக்கிறது. அதனால் வீட்டில் மெதுவாக ஏறும் சார்ஜரில் போட்டு, தானே நிற்கும்வரை விட்டுவிட வேண்டும்.

அப்படியானால் எல்எஃப்பியை எப்போதும் நூறிலேயே வைத்திருக்கலாமா? கூடாது என்பது என் கருத்து. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழுவினர் 2024இல் வெளியிட்ட ஆய்வில், எல்எஃப்பி செல்களும் மேல்மட்டத்திலேயே சார்ஜ் ஆகி இறங்கிக்கொண்டிருந்தால், அதிலும் சூட்டில், சீக்கிரம் தேய்கின்றன என்று தெரிந்தது. கேத்தோடு தாங்கும், லித்தியம் நிறைந்த கிராஃபைட் பக்கம் திரவத்தோடு வினைபுரிந்துகொண்டே இருக்கிறது. வாரம் ஒரு முறை முழுதாக ஏற்றுங்கள், மற்ற நாட்களில் தேவைக்கு ஏற்றுங்கள். ஒரு மாதம் ஊரில் இல்லையென்றால் பாதியில் விட்டுப் போங்கள். உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால், வாரண்டி அதை வைத்துத்தான் என்பதால் அதன்படி நடங்கள்.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு, 'எல்எஃப்பி மூவாயிரம் முறை சார்ஜ் தாங்கும், நிக்கல் ஆயிரத்து ஐந்நூறுதான்' என்ற ஒப்பீட்டைத்தான் முதலில் சொல்வார்கள். எண்கள் ஏறத்தாழச் சரிதான், ஆனால் குடும்பக் காருக்கு அது பெரும்பாலும் பொருட்டே இல்லை. முழு சார்ஜில் 300 கிலோமீட்டர் ஓடும் வண்டியை ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினால், செலவாவது 40 முழு சார்ஜ்தான். பதினைந்து வருடத்துக்கு 600. நிக்கலின் கணக்கே இன்னும் பாதி மிச்சம் இருக்கும். அங்கே பேட்டரியைத் தேய்ப்பது வயதும் வெயிலும்தான். நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் டாக்சிக்காரருக்குக் கதையே வேறு. ஆண்டில் 300 நாள் ஓட்டினால் 60,000 கிலோமீட்டர், 200 முழு சார்ஜ். எட்டு வருடத்தில் 1,600. அவர் தயங்காமல் எல்எஃப்பி எடுக்கலாம்.

நிக்கலின் பலம் எடையில் இருக்கிறது. 60 யூனிட் சேமிக்க எல்எஃப்பி செல்கள் சுமார் 350 கிலோ வேண்டுமென்றால், நல்ல நிக்கல் செல்கள் 240 கிலோவில் முடித்துவிடும். ஒரே சார்ஜில் 500, 600 கிலோமீட்டர் வேண்டும் என்பவருக்கும், குளிர்நாட்டுக்காரருக்கும் அது தேவைப்படலாம். பூஜ்ய டிகிரிக்குக் கீழே எல்எஃப்பி மிகவும் சோர்ந்துவிடும். கோயம்புத்தூரிலும் யாழ்ப்பாணத்திலும் அந்தக் கவலை கிடையாது. விலையில் எல்எஃப்பி கணிசமாகக் குறைவு. 2024இல் உலகில் விற்ற மின்கார் பேட்டரிகளில் ஏறக்குறைய பாதி அதுவாகிவிட்டதற்கு அதுவே பெரிய காரணம். நகரத்துக்குள் ஓட்டி, மாதத்துக்கு ஒரு முறை சொந்த ஊர் போய்வரும் குடும்பத்துக்கு நான் எல்எஃப்பியைத்தான் சொல்வேன். வீட்டில் சார்ஜ் போட வசதி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு முறை நிதானமாக நூறைத் தொட அது வேண்டும். வேகச் சார்ஜரை மட்டுமே நம்பியிருப்பவர்கள் பெரும்பாலும் 80இல் கழற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

பழைய எல்எஃப்பி கார் வாங்குவோர் திரையில் காட்டும் தூரத்தை வைத்து விலை பேச வேண்டாம். விற்பவரிடம் முதல் நாள் இரவே சாதாரண ஏசி சார்ஜரில் போட்டு, தானாக நிற்கும்வரை ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் ஏசியை ஒரே அளவில் வைத்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஓட்டி, எத்தனை சதவீதம் குறைந்தது, எத்தனை யூனிட் செலவானது என்று பாருங்கள். 20 சதவீதத்துக்கு 8 யூனிட் செலவானால் முழு பேட்டரிக்கு 40 யூனிட். புதிதில் 45 இருந்த வண்டி என்றால் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமாகக் குறைந்திருக்கிறது. சதவீதம் சீராக இறங்காமல் ஓரிடத்தில் தாவினால், இன்னொரு இரவு முழுதாக ஏற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் முறையும் அதே இடத்தில் தாவினால் ஏதோ ஒரு செல் பலவீனமாக இருக்க வாய்ப்புண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் செல்வாரியான வோல்டேஜ் அறிக்கை கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.