காலையில் மூன்றே வேலை: ஏன்? எப்படி?

காலையில் எழுந்ததும் பத்துப் பன்னிரண்டு வேலைகள் மண்டைக்குள் முட்டி மோதுவது ஏன்? ஒரே நேரத்தில் மனம் ஏந்தக்கூடியவை ஏறத்தாழ நான்குதான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் மதிப்பிட்டார். மிச்சமெல்லாம் நழுவும், திரும்ப வந்து தொல்லை கொடுக்கும்.

வேலையை முடித்தால்தான் இந்தத் தொல்லை அடங்குமா? இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பதில். உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-இல் வெளியிட்ட சோதனைகளில், பாக்கி வேலையை எப்போது, எப்படிச் செய்வோம் என்று திட்டமிட்டதுமே அந்த நினைப்பின் குறுக்கீடு குறைந்தது. வேலை என்னவோ அப்படியேதான் கிடந்தது.

ஆகவே, காலையில் "இன்று முடிய வேண்டிய மூன்று வேலைகள் எவை?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதும்போது வெறும் பெயர் போதாது. மளிகைக் கடைக்காரர் ஒருவர் 'ஜிஎஸ்டி' என்று மட்டும் எழுதினால் மனம் அடங்காது. 'காலை 11 மணிக்குக் கூட்டம் குறைந்ததும், கல்லாவில் உட்கார்ந்து, சென்ற மாதக் கொள்முதல் பில்களைத் தேதிவாரியாக அடுக்குவது' என்று எழுதினால் நேரமும் இடமும் முதல் அசைவும் வந்துவிடுகின்றன. அரிசி மண்டிக்குப் பாக்கி அனுப்புவதையும், தராசுக்கு முத்திரை போட நாள் கேட்பதையும் இதேபோல் எழுதலாம். மீதியெல்லாம் வேறு தாளில் இருக்கட்டும்.

மூன்று என்பது ஆய்வு வகுத்த எண் அல்ல; நான்குக்குள் அடங்கி, திடீர் வேலைக்கும் இடம் விடுகிறது, அவ்வளவுதான்.

ஒரே வரி நாலைந்து நாளாகத் தாள் மாறி வந்துகொண்டே இருந்தால், அது பல வேலைகளின் மூட்டை. அரை மணியில் முடிகிற துண்டாக உடைத்து எழுத வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர் அழைப்புக்கே ஓடுகிறவர்களுக்கு மூன்றும் அதிகம், ஒன்று போதும்.